மேக்ஸ் லாஸ் 2,900 டாலர்னு காட்டுச்சு, போனது 3,550. எங்க தப்பு?

தண்டையார்பேட்டை சேகர்

கணக்கு அண்ணனோடது. அவர் நியூஜெர்சியில இருக்கார், வேலை முடிஞ்சா அசந்துடுவார். ராத்திரி முழிச்சு ஸ்கிரீன் பாக்குறது நான்.

பங்கு 101-ல இருக்கும்போது 100 கால் வித்து 105 கால் வாங்கினோம். 10 ஸ்ப்ரெட், ஒண்ணு 100 பங்கு, பங்குக்கு 2.10 வீதம் 2,100 டாலர் கைக்கு வந்துச்சு. அகலம் 5 டாலர், அதனால மேக்ஸ் லாஸ் 2,900. அப்புறம் பங்கு 112-க்கு ஏறிடுச்சு. எக்ஸ்பைரிக்கு இன்னும் 10 நாள் இருந்துச்சு. ரெண்டு காலுமே உள்ள போயிடுச்சு, இனிமே போக என்ன இருக்குன்னு விட்டுட்டோம்.

வியாழக்கிழமை அண்ணன் எழுந்து பாத்தா 100 கால் பத்தும் அசைன் ஆகி, 1,000 பங்கு ஷார்ட்ல நிக்குது. அன்னைக்குத்தான் எக்ஸ் டிவிடெண்ட், பங்குக்கு 1.20. பயந்துபோய் 110.80-க்குப் பங்கை வாங்கி அடைச்சோம், 105 காலை 6.35-க்கு வித்தோம். டிவிடெண்டுன்னு 1,200 டாலரைப் பிடிச்சுட்டாங்க. மொத்தம் 3,550 நஷ்டம்.

புரோக்கர் தப்பு பண்ணிட்டானா? 1,200 பிடிச்சிருந்தா 4,100 இல்ல ஆகணும், அது ஏன் ஆகல?

பழைய வண்ணை பாபு

புரோக்கர் மேல தப்பு இல்ல, உங்க நேரம். 10 நாள் மிச்சம் இருக்கிற காலை எக்சர்சைஸ் பண்றவன் டைம் வேல்யூவை நெருப்புல போடுறான். விவரம் தெரிஞ்சவன் மார்க்கெட்ல வித்துட்டுப் போவான். எவனோ தெரியாம பண்ணிருக்கான், அது உங்க தலையில விழுந்திருக்கு.

எண்ணூர் மோகன்

இதே கொடுமை எனக்கும் நடந்துச்சு ப்ரோ. போன மாசம் எக்ஸ்பைரி வாரத்துல டெலிவரி மார்ஜின்னு சொல்லி தினம் தினம் ஏத்துனானுங்க. கடைசில பங்கையே கொண்டாந்து கணக்குல போட்டுட்டான். கடைசி செவ்வாய்க்கு முன்னாடியே வெளிய வந்துடுங்க.

ராயபுரம் ஜெயந்தி

மோகன், உங்களுது என்எஸ்இ கதை. நம்ம பங்கு ஆப்ஷன் எல்லாம் 2011-ல இருந்து ஐரோப்பிய வகை, எக்ஸ்பைரிக்கு முன்னாடி யாரும் எக்சர்சைஸ் பண்ண முடியாது. சேகர் மாட்டினது அமெரிக்க வகை. வாங்கினவன் நினைச்ச நாளில் கேக்கலாம்.

பாபு அண்ணே, நீங்க சொல்றது டிவிடெண்ட் இல்லாத பங்குக்குச் சரி. இங்க எதிராளி நாற்காலியில உக்காந்து பாருங்க. புதன்கிழமை சாயங்காலம் அவன் கையில 100 கால் இருக்கு, பங்கு 112. இப்பவே எக்சர்சைஸ் பண்ணா 12 டாலர் மதிப்பு, டிவிடெண்டும் அவனுக்கு. சும்மா இருந்தா நாளைக்குப் பங்கு 1.20 இறங்கித் திறக்கும், காலை வச்சிருக்கிறவனுக்கு டிவிடெண்டும் கிடையாது. பதிலுக்கு அவன் கையில மிஞ்சுறது ரெண்டுதான். ஒண்ணு, பங்கு 100-க்குக் கீழ விழுந்தா தப்பிக்கிற காப்பு. அதோட விலை அதே ஸ்ட்ரைக் புட்டோட விலைதான். இன்னொண்ணு, 100 டாலரை 10 நாள் கழிச்சுக் கட்டுறதால வர்ற வட்டி. சேகர், அன்னைக்கு 100 புட் என்ன விலை?

தண்டையார்பேட்டை சேகர்

ஸ்கிரீன்ஷாட்ல 0.15 இருக்கு அக்கா.

ராயபுரம் ஜெயந்தி

வட்டி வருஷத்துக்கு 4.5 சதவீதம்னு வச்சா 10 நாளைக்கு 12 காசு. ரெண்டும் சேர்த்து 27 காசு. 1.20-ஐ விட்டுட்டு 27 காசைப் பிடிச்சிட்டு உக்கார எவனும் பைத்தியம் இல்ல. அதனால பத்தும் போச்சு. இது தெரியாத்தனமா நடந்ததில்ல, கணக்குப் பார்த்து நடந்தது.

உங்க ரெண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. ஷார்ட் பங்குக்கு 1.20 கட்டினீங்க, ஆனா பங்கு 1.20 இறங்கினதால வாங்கி அடைக்கும்போது அது திரும்பி வந்துடுச்சு. அந்தப் பக்கம் சமம். நஷ்டம் உங்க 105 கால்ல நடந்தது. புதன் அன்னைக்கு அது 7 டாலர், வியாழன் காலையில 6.35. அந்த 65 காசு, 1,000 பங்குக்கு 650. அடுத்தவன் டிவிடெண்டைத் தூக்கிட்டுப் போனான், நீங்க உங்க காலை வச்சு அதைத் தூக்கல. ஸ்கிரீன் காட்டுற மேக்ஸ் லாஸ், ரெண்டு காலும் ஒரே நேரத்துல முடியும்னு நினைச்சுப் போட்ட எண்.

பெரம்பூர் தினேஷ்

அக்கா, இதை ஸ்கிரிப்டா எழுதி தினம் ஓட்டலாமே. கால் விலையில இருந்து இன்ட்ரின்சிக்கைக் கழிச்சு, மிச்சம் டிவிடெண்டை விடக் கம்மியா இருந்தா மெசேஜ் அனுப்பச் சொல்லலாம்.

ராயபுரம் ஜெயந்தி

யோசனை சரி, ஆனா கால் விலையை நம்பாத தம்பி. ரொம்ப உள்ள போன கால்ல பிட், ஆஸ்க் ரெண்டும் எங்கயோ நிக்கும். பிட் பல நேரம் இன்ட்ரின்சிக்குக் கீழயே இருக்கும், கழிச்சா மைனஸ் வரும். அதே ஸ்ட்ரைக் புட்டைப் பாரு, அதுல விலை சுத்தமா இருக்கும்.

```python
def risky(dividend, put_ask, strike, rate, days):
    return dividend > put_ask + strike * rate * days / 365
```

சேகர் கேஸுக்கு `risky(1.20, 0.15, 100, 0.045, 10)` போட்டா `True`. எக்ஸ் தேதிக்கு முந்தின நாள் மட்டும் ஓட்டாம நாலஞ்சு நாள் முன்னாடியே ஓட்டணும். கடைசி சாயங்காலம் எல்லாரும் ஒரே வாசல்ல நெருக்குவாங்க.

தண்டையார்பேட்டை சேகர்

True வந்தா என்ன பண்றது? 105 காலை நாமளே எக்சர்சைஸ் பண்ணிருந்தா?

ராயபுரம் ஜெயந்தி

பண்ணிருந்தா 105-க்கு வாங்கி 100-க்குக் கொடுத்திருப்பீங்க, நஷ்டம் சரியா 2,900. ஆனா 1,05,000 டாலருக்குப் பங்கு வாங்க கணக்குல இடம் வேணும், புரோக்கரோட கட்ஆஃப் நேரமும் தெரியணும். அசைன் ஆகாம தப்பினா இன்னும் லாபம். ஆப்ஷன் கிளியரிங் பண்ற ஓசிசி குலுக்கல் மாதிரிதான் பிரிச்சு விடுது, எக்சர்சைஸ் பண்ண மறந்தவங்க இருந்தா வித்தவங்கள்ல சில பேருக்கு வராது. அதை நம்பி நான் இருக்க மாட்டேன். முந்தின நாளே ஸ்ப்ரெட்டை 5.05, 5.10-க்கு மூடியிருந்தா கூடுதலா 50, 100 டாலரோட போயிருக்கும். நானா இருந்தா அதைத்தான் பண்ணுவேன்.

அதை விட நல்லது, போடும்போதே எக்ஸ் தேதிக்கு முன்னாடி முடியற எக்ஸ்பைரியா எடுக்கறது.

பழைய வண்ணை பாபு

டிவிடெண்ட் வந்தா ஸ்ட்ரைக்கைக் குறைப்பாங்களே அம்மா?

ராயபுரம் ஜெயந்தி

அது ஸ்பெஷல் டிவிடெண்டுக்கு அண்ணே. மூணு மாசத்துக்கு ஒரு தரம் வர்ற வழக்கமான டிவிடெண்டுக்கு ஸ்ட்ரைக் நகராது.

பெரம்பூர் தினேஷ்

சேகர் அண்ணா, இன்டெக்ஸ் மேலதான் பந்தயம்னா SPX இல்ல XSP எடுங்க. ஐரோப்பிய வகை, பணமா செட்டில் ஆகும், இந்தத் தலைவலியே கிடையாது. XSP சைஸு SPY மாதிரிதான். பிட், ஆஸ்க் இடைவெளிதான் கொஞ்சம் அதிகம்.

தண்டையார்பேட்டை சேகர்

ஐயோ, அண்ணன் SPY-ல டிசம்பர் கால் ஸ்ப்ரெட் வச்சிருக்கார், மூணாவது வெள்ளி எக்ஸ்பைரி. அப்புறம் அந்த 1,200 அவருக்கு டாக்ஸ்ல எப்படி வரும்னு யாருக்காவது தெரியுமா?

எண்ணூர் மோகன்

டாக்ஸ் எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு, நாமளே இங்க இருந்து எல்ஆர்எஸ்-ல பணம் அனுப்பி அங்க மார்ஜின் கட்ட முடியாது. அண்ணன் கணக்குன்னா பரவால்ல.

ராயபுரம் ஜெயந்தி

டாக்ஸை அங்க இருக்கிற ஆடிட்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

SPY-ஐ உடனே பாருங்க. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்ல அதோட எக்ஸ் தேதி வழக்கமா அதே மூணாவது வெள்ளிதான். அதாவது எக்ஸ்பைரி அன்னைக்கே. வியாழன் சாயங்காலம் புட் விலை காசு கணக்குல இருக்கும், உள்ள இருக்கிற கால் எல்லாம் அன்னைக்கே போயிடும். வெள்ளிக்கிழமை மூடிக்கலாம்னு இருந்தா லேட்.

தண்டையார்பேட்டை சேகர்

வியாழன் ராத்திரி முழிச்சிருக்கேன் அக்கா, 1.30-க்குள்ள மூடச் சொல்றேன்.

ராயபுரம் ஜெயந்தி

டிசம்பர்ல அவங்க கடிகாரம் மாறியிருக்கும். நம்ம நேரத்துக்கு வெள்ளி விடியக்காலை 2.30-க்குத்தான் மார்க்கெட் மூடும். ஆனா அது வரைக்கும் இழுக்காதீங்க, புதன்கிழமையே மூடிடச் சொல்லுங்க.