வெள்ளைச் சட்டைக்கு 120 ஜிஎஸ்எம்மா, 140 ஜிஎஸ்எம்மா?

மலர்: வெள்ளைச் சட்டை தைக்க ரெண்டு காட்டன் துணி பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள பாப்ளின், நூல் 40 கவுண்ட், இழை அங்குலத்துக்கு 133×72. இன்னொண்ணு 140 ஜிஎஸ்எம், 20 கவுண்ட், 60×60. பனியன் வெளியே தெரியக் கூடாது. 140தானே எடுக்கணும்?

குமரன்: ஆமாம். எடை கூடினால் பஞ்சு கூடுது, வெளிச்சம் புகாது. வெள்ளையில் 140க்குக் கீழே தொடவே தொடாதீங்க.

பாவுநூல்: இந்த ரெண்டு துணியில் அந்தக் கணக்கு தலைகீழ். கவுண்ட் எண் கூடக்கூட நூல் மெலிசாகும். 40 கவுண்ட் நூல் ஒண்ணின் குறுக்களவு ஏறக்குறைய 1/177 அங்குலம். பாவில், அதாவது நீளவாக்கு நூலில், 133 இழை அடுக்கினால் அங்குலத்தில் முக்கால்வாசி மூடிடும். 20 கவுண்ட் நூல் தடிப்புதான், 1/125 அங்குலம். ஆனா 60 இழைதான் இருக்கு, பாதிகூட மூடாது. குறுக்கே ஓடும் ஊடையையும் சேர்த்துப் பார்த்தால் பாப்ளினில் சுமார் 15 சதவீதம் ஓட்டை, 140இல் 27. தடித்த நூலால் எடை ஏறியிருக்கு, இடைவெளி அப்படியே நிக்குது.

சுந்தரி அக்கா: என்னோட 180 ஜிஎஸ்எம் வெள்ளை டி-சர்ட்டில் ஒண்ணுமே தெரியலையே! எடை முக்கியம்தான்.

பாவுநூல்: அக்கா, அது பின்னலாடை. அந்த எண்ணைச் சட்டைத் துணியோடு ஒப்பிட முடியாது.

குமரன்: சரி, ஆனா நூலும் நெசவும் ஒண்ணா இருந்தால்? அப்போ கனமானதுதானே நல்லா மறைக்கும்?

பாவுநூல்: அதில் உங்க பக்கம்தான் நியாயம். அதே நூலில் இழையை நெருக்கினால் எடையும் ஏறும், மறைப்பும் ஏறும். துவைச்சா நடக்கிறதும் அதுதான். ரெண்டு பக்கமும் 5 சதவீதம் சுருங்கினால் 120 ஜிஎஸ்எம் 133 ஆயிடும், பஞ்சு ஒரு இழைகூடக் கூடாமலே.

மலர்: சட்டை உடம்போடு விழணும். விறைப்பா நிக்கக் கூடாது. அதுக்கு எடை குறைஞ்சா போதுமா?

பாவுநூல்: போதாது. 120 ஜிஎஸ்எம் விஸ்கோஸ் வழுக்கி விழும், அதே எடை பாப்ளின் மடிப்பில் நிமிர்ந்து நிக்கும். காட்டனிலேயே ட்வில் நெசவில் நூல்கள் பின்னும் இடம் குறைவு, அதனால் அதே எடையிலும் குழைவா இருக்கும். கஞ்சி போட்டு வந்த துணியைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒரு துண்டைத் துவைச்சு, காயவச்சு, மேசை விளிம்பில் தொங்கவிட்டுப் பாருங்க. அதையே கோடு போட்ட தாள் மேல விரிச்சா மறைப்பும் தெரிஞ்சிடும்.

குமரன்: படத்தைப் பார்த்து வாங்குறவன் எதைத் துவைக்கிறது? எண் ஒண்ணுதான் கையில் இருக்கு.

பாவுநூல்: கவுண்டும் இழைக்கணக்கும் கேளுங்க. சொல்ல மாட்டேன்னா, அந்த ஜிஎஸ்எம்மை நான் நம்ப மாட்டேன்.

குமரன்: பாதிப் பேருக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நான் 140ஐ விடப்போறதில்லை.

மலர்: பாப்ளினில் ஒரு துண்டு அனுப்பச் சொல்லியிருக்கேன்.