'இரண்டு அல்லது மூன்று' எப்படி விடையாகும்? வட்டப் படத்தில் எங்கே தவறு?

மலர்விழி:
கூற்றுகள்: சில பேனாக்கள் புத்தகங்கள். எந்தப் புத்தகமும் மேசை அல்ல.
முடிவுகள்:
1) சில பேனாக்கள் மேசைகள் அல்ல.
2) எந்த மேசையும் பேனா அல்ல.
3) சில மேசைகள் பேனாக்கள்.

பேனா வட்டமும் புத்தக வட்டமும் வெட்டிக்கொள்வதுபோல வரைந்து, மேசையைத் தனியாகத் தள்ளி வரைந்தேன். படத்தில் 1, 2 இரண்டுமே சரியாகத் தெரிகின்றன. விடைத்தாளில் '1-உம், 2 அல்லது 3-உம்' என்று இருக்கிறது. படத்தில் இல்லாத 3 எப்படி உள்ளே வந்தது?

கதிர்:
மேசையைத் தள்ளி வரையச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. புத்தகத்தைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். பேனா வட்டத்தில் புத்தகத்துக்கு வெளியே மீதி இடம் இருக்கிறது, மேசை அங்கே நுழையலாம். நுழைந்தால் 2 உடைந்துவிடும். தள்ளி நின்றால் 3 உடையும். அதனால் 1 மட்டும்தான் விடை, விடைத்தாள் தப்பு.

செல்வி அக்கா:
கதிர், முக்கால்வாசி சரி. 2 தனியாக நிற்காது, 3-உம் தனியாக நிற்காது. ஆனால் மேசை வட்டத்தை எங்கே வைத்தாலும் ஒன்று பேனாவைத் தொடும், இல்லை தொடாது. தொட்டால் 3 சரி, தொடாவிட்டால் 2 சரி. இரண்டும் சேர்ந்து பொய்யாகிற படத்தை வரைய முயன்று பாருங்கள், வராது. இரண்டும் சேர்ந்து மெய்யாகிற படமும் வராது. அதனால்தான் 'அல்லது'.

மலர், 1 ஏன் உறுதி என்பதையும் பாருங்கள். பேனாவும் புத்தகமும் வெட்டுகிற துண்டுக்குள் மேசை வரவே முடியாது. அந்தத் துண்டில் இருக்கும் பேனாக்கள் எந்தப் படத்திலும் மேசை ஆகாது. இனி முதல் படத்தை வரைந்ததும், முடிவை உடைக்கிற இன்னொரு படத்தைத் தேடுங்கள். கூற்றுகளை மீறாமல் ஒன்று கிடைத்தாலும் அந்த முடிவு விழுந்தது.

பாலு:
எனக்கு வந்த கேள்வி 'எல்லா மேசைகளும் பேனாக்களாக இருக்க வாய்ப்புண்டு'. உடைக்கிற படம் கிடைத்தது, அதனால் தவறு என்று போட்டேன். மதிப்பெண் போய்விட்டது.

செல்வி அக்கா:
பாலு, அது வேறு கேள்வி. 'வாய்ப்புண்டு' என்றால் பொருந்துகிற படம் ஒன்று கிடைத்தாலே போதும். மேசை முழுவதையும் பேனாவின் மீதி இடத்துக்குள் வரையலாம், அதனால் சரி. திருப்பிப் போட்டு 'எல்லாப் பேனாக்களும் மேசைகளாக இருக்க வாய்ப்புண்டு' என்றால் தவறு, அந்த வெட்டுத் துண்டு தடுக்கும்.

மலர்விழி:
சரி அக்கா, மேசையை நகர்த்தி மூன்று முறை வரைந்ததும் புரிந்தது. அப்புறம் ஒரு சந்தேகம்: 'சில', 'சில அல்ல' இரண்டும் முடிவாக வந்தால் அதுவும் 'அல்லது' தானா?

கதிர்:
என் குறிப்பில் ஆமாம் என்று இருக்கிறது.

செல்வி அக்கா:
எனக்கு அதில் உடன்பாடில்லை. வட்டங்கள் பாதி வெட்டினால் இரண்டுமே மெய்யாகிவிடும். ஒன்றாவது மெய் என்பதை வைத்து 'அல்லது' போடுகிறவர்களும் உண்டு. நீங்கள் எழுதப்போகிற தேர்வின் பழைய விடைத்தாள்களில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.