கஷ்டத்தை எழுதினா ஒண்ணு ஒப்பாரி, இல்லேன்னா பொன்னாடை

நொய்யல்காரி:
பத்தாவது முடிச்சதும் 2003ல் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேனுங்க. படிச்சுப் பார்த்தா பாதி ஒப்பாரி மாதிரி இருக்கு, மீதி நானே எனக்குப் பொன்னாடை போர்த்திக்கிற மாதிரி இருக்கு. ரெண்டும் இல்லாம எப்படி எழுதறது? ஒரு பத்தி கீழே போட்டிருக்கேன்.

"விதி என்னை வஞ்சித்தது. பதினாறு வயதில் தோழிகள் புத்தகப் பையோடு போக, நான் தூக்குப்போசியோடு கம்பெனிக்குப் போனேன். இரவெல்லாம் அழுதேன். என் வலி யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் நான் உடைந்துவிடவில்லை. இன்று வங்கியில் அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் விடாமுயற்சி மட்டுமே காரணம்."

எட்டுக்கால்:
ரொம்ப சிம்பிள். உணர்ச்சியைச் சொல்ற வார்த்தை அத்தனையையும் வெட்டுங்க. வலி, அழுகை, விதி, விடாமுயற்சி எதுவும் வேண்டாம். முடிஞ்சா 'நான்' என்பதையே எடுத்துட்டு 'அவள்' போடுங்க. நடந்ததை மட்டும் சொன்னாப் போதும்.

முத்துராஜ், துபாய்:
தங்கச்சி, நடந்ததை நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா. நானும் அப்படித்தான் இருந்தேன். 2009ல் ஷார்ஜா வந்தப்போ ஒரு ரூம்ல பன்னிரண்டு பேர். தினமும் அழுகைதான். இன்னைக்குச் சொந்தமா டைல்ஸ் கடை வெச்சிருக்கேன். யாரும் கைகொடுக்கலை, எல்லாம் நம்ம உழைப்பு. நீயும் வெளியே வந்துட்டே, சந்தோஷமா இரு.

நொய்யல்காரி:
அண்ணா, நான் நல்லாத்தான் இருக்கேன். எழுதறது எப்படின்னுதான் கேட்டேன் 🙂

பழைய புரூஃப்:
இருபத்தாறு வருடம் ஒரு பத்திரிகையில் மற்றவர்களின் அனுபவக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். எட்டுக்கால் சொல்வதில் பாதிதான் சரி. உணர்ச்சிச் சொற்களை வெட்டினால் ஒப்பாரி குறையும், ஆனால் பெருமை குறையாது. கண்ணீரே இல்லாமல் கருங்கல் மாதிரி எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. 'பார், நான் எவ்வளவு கெட்டி' என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். 'அவள்' என்று மாற்றினால் இன்னும் மோசம், தன்னையே சினிமாக் கதாநாயகியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

உங்கள் பத்தியில் ஆட்களை எண்ணிப் பாருங்கள். தோழிகள் தூரத்தில் போகிறார்கள். 'யாருக்கும் புரியவில்லை' என்பதில் இருக்கும் 'யாரும்' ஆளே இல்லை. மிச்சம் நீங்கள் ஒருவர்தான். மேடையில் ஒற்றை ஆள் நின்றால் அவர் அழலாம், இல்லாவிட்டால் கைதட்டல் வாங்கலாம். மூன்றாவதாகச் செய்ய ஒன்றுமில்லை. 'ஆனாலும்' என்ற சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். அதற்கு முன்னால் முழுக்கப் பரிதாபம், பின்னால் முழுக்கப் பெருமை. முன்னால் பள்ளத்தை எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறீர்களோ, பின்னால் அவ்வளவு உயரமாகத் தெரிவீர்கள். ஆகவே உங்கள் சிக்கல் இரண்டு அல்ல, ஒன்றுதான்.

எனக்குச் சில தகவல்கள் வேண்டும். என்ன வேலை? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முதல் சனிக்கிழமை கையில் எவ்வளவு வந்தது? கம்பெனியிலிருந்து பள்ளிக்கு எப்படித் திரும்பினீர்கள்?

கரிசல்காடு:
கொஞ்சம் நில்லுங்க ஐயா. இந்த 'சுயபச்சாதாபம்'ங்கிற வார்த்தை யார் மேல விழுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? ஒடுக்கப்பட்டவன் தன் கதையை எழுதினா 'புலம்பல்'. வசதியானவன் தன் இளமைக்கால ஏழ்மையை எழுதினா 'உருக்கம்'. ஒரு பொண்ணு பதினாறு வயசுல பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்ததை அழுதுகிட்டே எழுதினா என்ன தப்பு? 'அடக்கி வாசி'ன்னு சொல்றதுக்கு இது ஒரு நாகரிகமான வழி.

பழைய புரூஃப்:
நீங்கள் சொல்வது நடந்திருக்கிறது. நானே அப்படி ஒரு கட்டுரையில் நல்ல கோபத்தை வெட்டியிருக்கிறேன், அந்த உறுத்தல் இன்றும் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்தியில் கோபம் எங்கே? 'விதி என்னை வஞ்சித்தது.' எழுவாய் விதி. விதி எந்தக் கம்பெனியில் மேஸ்திரி? கோபத்துக்கு எழுவாயாக ஒரு ஆள் இருப்பார், ஒரு கணக்கு இருக்கும், ஒரு சட்டமாவது இருக்கும். சுயபச்சாதாபத்தில் செயப்படுபொருள் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் அது குற்றவாளிக்கு வசதி.

கரிசல்காடு:
அந்தக் கடைசி வரியை ஒத்துக்கிறேன். மத்ததை யோசிக்கணும்.

நொய்யல்காரி:
கேட்டதுக்குப் பதில். பிசிறு வெட்டுற வேலை. தைச்சு வர்ற பனியன்ல தொங்குற நூலை எல்லாம் கத்தரிக்கணும். சொல்லிக்கொடுத்தது பக்கத்துல இருந்த ஒரு அக்கா. ஷிப்டுக்கு 45 ரூபா. காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை, அது ஒன்றரை ஷிப்ட். ஆறு நாளைக்கு ஒன்பது ஷிப்ட், 405 வரணும். முதல் வாரம் 360தான் வந்துச்சு, ஒரு ஷிப்டை எழுதாம விட்டுட்டாங்க.

பள்ளிக்கூடம் திரும்பினது... பதினாலு மாசம் கழிச்சு என் தம்பி ஒன்பதாவதோட நிறுத்திட்டு சாயப்பட்டறைக்குப் போனான். அப்புறம்தான் நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன்.

எட்டுக்கால்:
அப்போ "என் விடாமுயற்சி மட்டுமே"ங்கிறது?

நொய்யல்காரி:
ஆமாங்க. டைப் பண்ணும்போதே கை நின்னுடுச்சு. இத்தனை வருஷம் பேட்டி, மீட்டிங்னு எங்கே சொன்னாலும் அந்த வரியை அப்படியேதான் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

பழைய புரூஃப்:
பொய் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை. மேடையில் ஒற்றை ஆளை நிறுத்தும் வடிவமே தம்பியை வெளியே தள்ளிவிட்டது.

இதில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது பிரைமோ லெவியை. இத்தாலிய யூதர், வேதியியல் படித்தவர், ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிழைத்து வந்தவர். 1947இல் வந்த அவருடைய முதல் நூல் தன் நல்ல காலத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டது 1944இல்தான், அப்போது ஆள் பற்றாக்குறையால் ஜெர்மானியர்கள் கைதிகளின் ஆயுளைச் சற்று நீட்டிக்க முடிவு செய்திருந்தார்கள், அது தன் அதிர்ஷ்டம் என்கிறார். 1945 ஜனவரியில் முகாமைக் காலி செய்தபோது அவர் செங்காய்ச்சலோடு நோயாளிகள் கொட்டகையில் கிடந்தார். நடக்க முடிந்தவர்களை நடத்திக் கூட்டிப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை, அவருடைய நெருங்கிய நண்பர் ஆல்பெர்டோ உட்பட. லெவி பிழைத்ததற்கு ஒரு காய்ச்சலும் காரணம். அதை அப்படியே எழுதிவிட்டவருக்குப் பொன்னாடை போர்த்த இடமே இருக்காது. பாதிக்கப்பட்டவரின் புலம்பல் குரலும் வேண்டாம், பழிவாங்குபவரின் குரலும் வேண்டாம், சாட்சியின் நிதானமான மொழியே போதும் என்று வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாகப் பிற்பாடு வாசகர்களுக்குச் சொன்னார்.

உங்கள் 405 ரூபாயை அதோடு ஒப்பிடவில்லை. கணக்கு எழுதும் முறையைத்தான் சொல்கிறேன். பிழைத்ததில் எவ்வளவு நீங்கள், எவ்வளவு மற்றவர்கள், எவ்வளவு தற்செயல் என்று.

கரிசல்காடு:
லெவி சாட்சிக் கூண்டுல நின்னாரு, நல்லது. எல்லாரும் அங்கேதான் நிக்கணும்னு இல்லையே. இன்னொண்ணு, 'இன்று வங்கி அதிகாரி'ங்கிற வரியை எடுக்கச் சொல்லப்போறீங்கன்னு தெரியுது. எடுக்காதீங்க. இப்போ பிசிறு வெட்டிட்டு இருக்கிற ஒரு பொண்ணு இதைப் படிச்சா, இங்கிருந்து அங்கே போக முடியும்னு அவளுக்குத் தெரியணும். அடக்கம்ங்கிறது ஏற்கனவே இடம் பிடிச்சவங்களுக்கு அழகு.

பழைய புரூஃப்:
அந்தப் பெண்ணுக்கு 'மட்டுமே' என்று சொன்னால், நாளை அவளால் போக முடியாதபோது குற்றம் அவளுடையது ஆகிவிடும். வங்கியைச் சொல்லுங்கள், கடைசி வரியாக வேண்டாம். நடுவில் போகிற போக்கில் வரட்டும்.

கரிசல்காடு:
போகிற போக்கில் சொன்னா அதுதான் பெரிய அலட்டல்.

நொய்யல்காரி:
நேத்து ராத்திரி உட்கார்ந்து திருப்பி எழுதினேன்:

"ஒரு ஷிப்டுக்கு 45 ரூபாய். கத்தரியின் வளையம் கட்டைவிரலில் அழுத்திய இடம் முதல் வாரம் கொப்புளம், மூன்றாம் வாரம் காய்ப்பு. 'துணியைப் பார்க்காதே, நூலைப் பாரு. ஓட்டை விழுந்தா பீஸ் உன் கணக்கு' என்றார் பக்கத்து அக்கா. முதல் சனிக்கிழமை கவரில் 360 இருந்தது. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அக்கா போய்க் கேட்டார். அடுத்த வாரம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை. நான் அம்மாவிடம் 340 கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்றேன். மிச்சத்துக்கு ஹேர் கிளிப். அன்றைக்கு அழவில்லை. அழுதது ஜூலையில், என் பழைய வகுப்பு யூனிஃபார்மில் ஒருத்தி அதே பேக்கரிக்கு வந்தபோது."

எட்டுக்கால்:
அழுகை இருக்கு, ஆனா உறுத்தலை. ஏன்னு எனக்கே தெரியலை.

பழைய புரூஃப்:
அழுகைக்கு ஒரு தேதியும் ஒரு காரணமும் வந்துவிட்டது. 'இரவெல்லாம்' போய்விட்டது. பதினாறு வயதுக்காரிக்குத் தெரிந்தது மட்டும்தான் இந்தப் பத்தியில் இருக்கிறது, முப்பத்தெட்டு வயது அதிகாரி இடையில் வந்து அவளைத் தட்டிக்கொடுக்கவில்லை.

கரிசல்காடு:
பத்தி நல்லா இருக்கு, மறுக்கலை. ஆனா அந்த இருபது ரூபா இருக்கே, 'பார், என் தப்பையும் ஒளிக்காம சொல்றேன்'னு வாசகர் கிட்ட மார்க் வாங்குற இடம் அது. ஒரு தடவை சரி. கட்டுரை முழுக்க இப்படி நாலு வந்தா, அதுவும் பொன்னாடைதான்.

பழைய புரூஃப்:
உண்மை. அதை நான் கவனிக்கவில்லை.

முத்துராஜ், துபாய்:
தங்கச்சி, நேத்து உன் கேள்வியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மன்னிச்சுக்க. இதையெல்லாம் படிச்சுட்டு நானும் எழுதிப் பார்த்தேன். 'யாரும் கைகொடுக்கலை'ன்னு ஆரம்பிச்சேன். ஏஜென்டுக்குக் கட்டின பணம் வீட்டுக்காரி சங்கிலியை அடகு வெச்சது. அதை மீட்டது 2013ல். நாலு வருஷம் அவ மஞ்சக் கயித்தோட இருந்தா. அந்த வரியை அழிச்சுட்டேன், அதுக்கு மேல எழுத வரலை.

நொய்யல்காரி:
கடைசியா ஒண்ணு. பத்தியைத் தம்பிக்குப் போன்ல படிச்சுக் காட்டினேன், அவனைப் பத்தி எழுதலாமான்னு கேட்கத்தான். எழுதிக்கோன்னான். ஆனா, "உனக்காக ஒண்ணும் நான் நிக்கலை, எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கலை, அதான் நின்னேன்"னு சொல்றான். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட இதைச் சொன்னதில்லை. நிஜமாச் சொல்றானா, எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு சொல்றானான்னு தெரியலைங்க.

பழைய புரூஃப்:
எந்த வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினான்?

நொய்யல்காரி:
கணக்குல எப்பவும் என்னை விட ஜாஸ்தி.

கரிசல்காடு:
அதை மட்டும் எழுதுங்க. அவன் சொன்னதையும் எழுதுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு விட்டுடுங்க.