புதுப்பிப்பு: ஒரே முனை, இரண்டு கேபிள்

நான் கேட்டது: "என்னிடம் இருக்கும் இரண்டு கேபிளும் டைப்-சி தான். சார்ஜரோடு வந்த தடிமனான கேபிளில் எஸ்எஸ்டி ஏன் இப்படி ஊர்கிறது?"

போர்ட்டில் மின்னல் குறி இல்லாததே காரணம் என்றார் ஒருவர். குறியுள்ள போர்ட்டிலும் போட்டுப் பார்த்தேன், அதே நொடிக்கு 40 எம்பி. கேபிளைச் சோதிக்கச் சொன்னவர்தான் சரி. லினக்ஸில் இதை ஓட்டினேன்:

```
lsusb -t
```

தடிமனான கேபிளில் வேகம் 480M, அதாவது நொடிக்கு 480 மெகாபிட்; எஸ்எஸ்டியோடு வந்த குட்டைக் கேபிளில் 10000M. சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் வேகத்துக்கான கூடுதல் கம்பிகளே இருக்காதாம். தடிமன் மின்சாரத்துக்கு மட்டும்தான்! மானிட்டர் படமும் அதே கம்பிகளில்தான் போகும் என்பதால், தடிமனான கேபிளில் மானிட்டரை இணைத்தபோது திரை வராததற்கும் விடை கிடைத்தது.

அப்புறம் குட்டைக் கேபிளிலேயே சார்ஜ் செய்து பார்த்தேன். 100 வாட் சார்ஜர், ஆனால் 60 வாட்தான் ஏறியது. 5 ஆம்பியர் தாங்குவேன் என்று கேபிளுக்குள் இருக்கும் சிப் சொல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். 20 வோல்ட்டில் அது 60.

போன் போர்ட் ஆடுகிறது என்று எழுதியவருக்கு: அது வேறு சிக்கல், முதலில் தூசியைப் பாருங்கள்.

குறியில்லாத போர்ட்டில் மட்டும் நல்ல கேபிளிலும் மானிட்டர் வரவில்லை. அந்த போர்ட்டே படம் அனுப்பாதா, அமைப்பில் ஏதாவதா? இன்னும் தேடுகிறேன்.