டைரக்ட் கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்று வந்த குழந்தை: உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

தாமிரபரணிக்கரை:
எனக்கு ஓ பாசிட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். 38 வாரத்தில் பிறந்த மகளுக்கும் பி பாசிட்டிவ். அம்மாவின் ஆன்டிபாடி குழந்தையின் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட், தொப்புள்கொடி ரத்தத்தில் ‘வீக் பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மாலை என் அம்மா குழந்தையின் மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். அந்த இடம் வெளுப்பதற்குப் பதில் மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சளை உண்டாக்கும் பிலிரூபின், பிறந்து 18 மணி நேரத்தில் 10.4. உடனே கண்ணைக் கட்டி நீல விளக்கில் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் விளக்கு. அணைத்த மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்து, ஏறவில்லை என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

‘வீக்’ என்றால் லேசானது என்றுதானே நினைப்போம்? அப்புறம் ஏன் இவ்வளவு வேகமாக ஏறியது? இதே போல் யாருக்காவது ஆனதா?

பனங்கிழங்கு:
பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம்தான். என் பையனுக்கு நான்காம் நாள் வந்தது, காலை வெயில் காட்டினோம், போய்விட்டது. குரூப் சேராத பிரச்சினை முதல் குழந்தைக்கு வராது, இரண்டாவதுக்குத்தான் வரும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ரத்தவங்கி அக்கா:
பனங்கிழங்கு தம்பி, நீங்கள் சொல்வது நெகட்டிவ் குரூப் அம்மாவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஓ குரூப் அப்படி இல்லை. ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி ஓ குரூப்காரர் உடம்பில் கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும். அதில் நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய வகையும் இருப்பதால் முதல் குழந்தைக்கே வரலாம். நான்காம் நாள் மஞ்சளும் முதல் 24 மணி நேரத்து மஞ்சளும் ஒன்றல்ல. இரண்டாவதை வெயிலில் காட்டிக் காத்திருக்கக் கூடாது.

தங்கச்சி, இந்த டெஸ்டை நான் தினமும் கையால் போடுகிறேன். குழந்தையின் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று நான்கு தடவை கழுவி, கூம்ப்ஸ் மருந்து விட்டு, சுற்றியெடுத்து, டியூபை மெல்ல ஆட்டிப் பார்ப்போம். அம்மாவின் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் அணுக்கள் திட்டுத் திட்டாகக் கட்டும். பிறந்த குழந்தையின் அணுவில் ஏ, பி அடையாளங்கள் பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. அதனால் ஒட்டுவதும் குறைவு, திட்டும் சின்னதாகத்தான் தெரியும். ஓ அம்மா, பி குழந்தை என்றால் ‘வீக்’ என்று எழுதுவதே வழக்கம். சில சமயம் நெகட்டிவ் என்றே வந்து அணு உடைந்துகொண்டிருக்கும். மறுபக்கம், பாசிட்டிவ் வந்த பல குழந்தைகளுக்கு விளக்கே தேவைப்படுவதில்லை.

ஆக, இந்த ரிப்போர்ட் ‘இந்தக் குழந்தையைக் கவனி’ என்று மட்டும்தான் சொல்லும். ஆன்டிபாடி ஒட்டிய அணு உடைந்தால் பிலிரூபின் உண்டாகும்; எவ்வளவு உடைகிறது என்பதை அது ஏறும் வேகத்தில் பார்க்க வேண்டும். முதல் நாளில் மணிக்கு 0.3 அளவுக்கு ஏறினாலே அணு உடைகிறது என்று சந்தேகப்படுவார்கள். பிறக்கும்போது 2 இருந்தது என்று வைத்தாலும் உங்கள் மகளுக்கு மணிக்கு 0.45க்கு மேல். ஹீமோகுளோபினும், புதிதாக உருவாகும் சிவப்பணுக்களின் அளவான ரெட்டிகும் எவ்வளவு?

தாமிரபரணிக்கரை:
14.2, ரெட்டிக் 9 சதவீதம் அக்கா. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்த ஸ்மியரில் ஸ்பீரோசைட், அதாவது உருண்டையாகிப்போன சிவப்பணு, என்று எழுதியிருக்கிறார்கள்.

ரத்தவங்கி அக்கா:
அப்படியானால் எல்லாம் அணு உடைகிறது என்ற ஒரே திசையைக் காட்டுகிறது. நேரத்தோடு விளக்கு வைத்தது நல்லது.

நெல்லிக்காய்:
எனக்கு ஓ நெகட்டிவ், மகனுக்கு ஓ பாசிட்டிவ். அவனுக்கும் கூம்ப்ஸ் வீக் பாசிட்டிவ், ஆனால் மஞ்சளே இல்லை. ஆளாளுக்கு பயமுறுத்தினார்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொன்ன உறவினர் கூட உண்டு!

ரத்தவங்கி அக்கா:
நெகட்டிவ் குரூப் அம்மாவுக்குப் போடும் ஆன்டி-டி ஊசியை 28ஆம் வாரத்தில் போட்டீர்களா? அந்த ஊசி மருந்தே குழந்தைக்குப் போய் ஒட்டிக்கொண்டு டெஸ்டைப் பாசிட்டிவ் ஆக்கும், பெரும்பாலும் அணு உடையாது. லேபுக்கு ஊசி போட்ட விவரம் தெரிந்தால் குழப்பம் குறையும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பால் சரியாக இறங்கினால் மலம் போகும், பிலிரூபினும் அதோடு வெளியேறும்.

நெல்லிக்காய்:
ஆமாம் அக்கா, போட்டேன். இதை யாரும் சொல்லவே இல்லை.

பனங்கிழங்கு:
சரி, நான் தவறாகச் சொல்லிவிட்டேன். என் மனைவிக்கும் ஓ தான். அப்படியானால் எல்லா ஓ குரூப் அம்மாக்களின் குழந்தைக்கும் இந்த டெஸ்ட் போட வேண்டாமா?

ரத்தவங்கி அக்கா:
எங்கள் டாக்டர்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஒருவர் எல்லோருக்கும் போடச் சொல்வார். இன்னொருவர், டிஸ்சார்ஜுக்கு முன் எல்லாக் குழந்தைக்கும் பிலிரூபின் பார்த்தால் போதும், மஞ்சள் வந்தால் கூம்ப்ஸ் போடலாம் என்பார். முதல் நாளே வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் நான் முதலாமவர் பக்கம்.

தாமிரபரணிக்கரை:
மூன்றாம் வாரம் ஹீமோகுளோபின் 10.3. பால் குடிக்கும்போது களைத்துப்போனால், வெளுத்துத் தெரிந்தால் உடனே வரச் சொன்னார்கள். மஞ்சள் போன பிறகும் அணு மெல்ல உடைந்துகொண்டிருக்கலாமாம். ஆறாம் வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டேன். பி குரூப்பாக இருந்தால் வரலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஓ அம்மாக்கள் யாருக்காவது இரண்டாவதில் எப்படி இருந்தது?