கலைச்சொல்: தலைப்பு மாற்றத்துக்கு ‘வேறுவைப்பு’ பொருந்துமா?

தேவகோட்டையிலிருந்து:
மடற்குழுவில் ஓர் இழை நீண்டு பேச்சு திசைமாறும்போது மடலின் தலைப்பை மாற்றுகிறோமே, அதற்கு ‘இழைமுறிப்பு’ என்று வைக்கலாம். தலைப்பை மாற்றினால் புது இழை ஆகிவிடுகிறதல்லவா?

காரைக்குடியிலிருந்து:
ஜிமெயிலில் அப்படித்தான் தெரியும் தம்பி. தண்டர்பேர்டு மடல் செயலியில் முறியாது. பதில் மடலின் தலைப்பகுதியில் In-Reply-To, References என்று இரண்டு வரிகள் முந்தைய மடலின் அடையாளத்தைச் சுமந்து வரும். தலைப்பை மாற்றினாலும் அவை மாறா. மடல் பழைய இழைக்குள்ளேயே நிற்கும்.

நம் பக்கம் கல்யாணமான மகனை வேறு வைப்பதில்லையா? வீடு ஒன்று, வளவு ஒன்று, அடுப்பு மட்டும் தனி. அதனால்தான் ‘வேறுவைப்பு’ என்கிறேன். பழைய பேச்சோடு ஒட்டே இல்லாத செய்திக்கு இது ஆகாது. அதற்குப் ‘பதில்’ பொத்தானை அழுத்தாமல் புது மடலே எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய இழைக்கு அடியில் புதைந்துபோகும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு ஓர் இழையைப் பாருங்கள். ‘ஆத்தங்குடி கல் கணக்கு’ என்று தொடங்கியது. 14ஆம் மடலில் ஒருவர் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்வதைப் போகிறபோக்கில் சொன்னார். அப்போது மாற்ற வேண்டாம், பேச்சு திரும்பிவிடக்கூடும். 15இல் இன்னொருவர், “பூச்சுக்கு மணல் எவ்வளவு?” என்று கேட்டார். விடை தேவைப்படும் கேள்வி வந்துவிட்டது. கல் கணக்கைத் தேடித் திறப்பவருக்கு அது உதவாது, பூச்சு தெரிந்தவரோ அந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வரமாட்டார். விடை எழுதும் 16ஆம் மடலில் மாற்றிவிட வேண்டும்:

```
சுண்ணாம்புப் பூச்சு (was: ஆத்தங்குடி கல் கணக்கு)
```

கல்லுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தால் இரண்டு மடலாக அனுப்புங்கள். 17ஆம் மடலில் அடைப்புக்குறிப் பகுதி போய்விட வேண்டும்.

கானாடுகாத்தானிலிருந்து:
என் பெட்டியில் Re: Re: பதில்: Re: என்று ஐந்தாறு சேர்ந்துவிடுகிறது. அதைச் சுருக்குவதும் வேறுவைப்புதானா?

காரைக்குடியிலிருந்து:
இல்லை ஆச்சி, அது துப்புரவு மட்டும். ‘பதில்:’ என்பதை Re: என்று அறியாத செயலி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகிறது. ஒரே ஒரு Re: வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:
முறிப்பு தப்புதான் அண்ணே, விட்டுவிடுகிறேன். ஆனால் was: எதற்கு? ‘முன்:’ என்று தமிழில் போடலாமே.

காரைக்குடியிலிருந்து:
எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் (was: என்று இருந்தால் அடுத்த பதிலில் தண்டர்பேர்டு தானே நீக்கிவிடும். (முன்: அதற்குத் தெரியாது; யாராவது கையால் அழிக்கும்வரை ஒவ்வொரு பதிலிலும் தொங்கிக்கொண்டே வரும். அழிக்க ஒப்புக்கொள்பவர்கள் ‘முன்:’ போடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:
வேறு வைப்பது நமக்குப் புரியும். யாழ்ப்பாணத்தாருக்கும் கோவைக்காரருக்கும் புரியுமா? ‘கிளைத்தலைப்பு’ என்றால் எவருக்கும் விளங்கும்.

காரைக்குடியிலிருந்து:
பெயர்ச்சொல்லாக அது நல்ல சொல். வினைக்குத்தான் இடிக்கிறது: ‘16இல் வேறுவைத்தேன்’ என்று சொல்ல முடிகிறது, ‘கிளைத்தலைப்பித்தேன்’ என்று சொல்ல முடியவில்லை. மாறிய தலைப்புக்குக் கிளைத்தலைப்பு, மாற்றும் செயலுக்கு வேறுவைப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளச் சம்மதமா?

பள்ளத்தூரிலிருந்து:
முதலாவதற்குச் சம்மதம். இரண்டாவதற்கு வெளியூர்க்காரர் ஒருவராவது சரி சொல்லட்டும்.