ஹங்கேரிய மொழியின் இரட்டை வினைத்திரிபு: தமிழில் என்ன பெயர்?

அருண்மொழி:
ஹங்கேரிய இலக்கணப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். 'ஒரு புத்தகம் படிக்கிறேன்' என்றால் வினை *ஒல்வஷொக்*. 'அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்றால் *ஒல்வஷொம்*. எழுவாயும் காலமும் ஒன்றுதான். செயப்படுபொருள் இன்னது என்று தெரிந்ததும் விகுதி மாறிவிடுகிறது. 'வரையறுத்த திரிபு', 'வரையறாத் திரிபு' என்று வைத்துப் பார்த்தேன். நாக்கில் ஒட்டவில்லை.

சுந்தரம்:
செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று நம்மிடமே இருக்கிறதே. புதுப்பெயர் எதற்கு?

கயல்:
அது வேறு, ஐயா. *ஒல்வஷொக்* வடிவத்துக்கும் செயப்படுபொருள் உண்டு; இரண்டிலும் பெயர்ச்சொல் 'த்' உருபு ஏற்கும். 'போ', 'தூங்கு' போன்ற வினைகளும் *ஒல்வஷொக்* பக்கம்தான் சேரும். ஹங்கேரியர்களே 'எழுவாய்த் திரிபு', 'செயப்படுபொருள் திரிபு' என்று பெயர் வைத்து இதே குழப்பத்துக்கு இடம் கொடுத்தார்கள்.

மீனாட்சி:
நாமும்தான் 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' என்கிறோம். அதுதானே இது? என் மருமகள் ஹங்கேரிப் பெண். 'உன்னை நேசிக்கிறேன்' என்பதை அவளிடம் *ஸெரெதெம்* என்று சொல்லப்போய், *ஸெரெத்லெக்* என்று திருத்தினாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை!

கயல்:
மீனாட்சியம்மா, உணர்வு ஒன்றுதான். ஆனால் நாம் பெயரில் காட்டுவதை அவர்கள் வினையில் காட்டுகிறார்கள். 'நான் உன்னை' என்பதற்கு மட்டும் *லக்*, *லெக்* என்று தனி விகுதி. அதைவிட வேடிக்கை, 'அவன் என்னைப் பார்க்கிறான்' என்பது *லாட்*. 'அவன் அவளைப் பார்க்கிறான்' என்பது *லாட்யா*. எனக்கு என்னைவிடத் தெரிந்த ஆள் யார்? ஆனாலும் 'வரையறாத்' திரிபு! 'எல்லா'வுக்கு *மிந்தென்* போட்டால் *ஒல்வஷொக்*. ஒவ்வொன்றும் என்ற பொருளில் *மிந்தெடிக்* போட்டால் *ஒல்வஷொம்*. ஆக, பொருளை மட்டும் வைத்துப் பெயரிட்டால் மாட்டிக்கொள்வோம்.

'சுட்டுத்திரிபு', 'சுட்டாத்திரிபு' என்றால் என்ன? அவன், அவள் நமக்குச் சுட்டிலிருந்து பிறந்தவை. நான், நீ அப்படியல்ல. அங்கேயும் கோடு அதே இடத்தில் விழுகிறது.

சுந்தரம்:
அழகு. ஆனால் 'எந்தப் புத்தகத்தைப் படிக்கிறாய்?' என்று கேட்டால் எந்தத் திரிபு?

கயல்:
சுட்டுத்திரிபுதான், *ஒல்வஷொத்*. 'என்ன படிக்கிறாய்?' என்றால் *ஒல்வஷொல்*.

சுந்தரம்:
'எந்த' வினாவாயிற்றே! வினாவைச் சுட்டு என்று சொல்ல என் இலக்கணம் ஒப்பாது. 'இன்னதுத் திரிபு' எவ்வளவோ மேல்.

அருண்மொழி:
'இன்னதுத் திரிபு' வாயில் நுழையாது, ஐயா! இப்போதைக்குச் சுட்டு, சுட்டா என்றே எழுதுகிறேன். 'எந்த' பற்றி அடிக்குறிப்பு போட்டுவிடலாம். இன்னொரு சிக்கல்: இறந்தகாலத் தன்மை ஒருமையில் இரண்டுமே *ஒல்வஷ்தம்*. அட்டவணையில் அந்தக் கட்டத்தை எந்தப் பெயரின் கீழ் வைப்பது?

கயல்:
இரண்டின் கீழும்.